நோயாளி பதிவேடு கேட்டு எழுதும் கடிதத்தில் கவனிக்க வேண்டியது

ஆய்வுக்குப் பதிவேடு கேட்கும்போது, நோயாளியின் பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் மருத்துவமனை நிர்வாகிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் அது போதாது. பாம்புக்கடி பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். "62 வயது, ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, இன்ன ஊர், இன்ன தேதியில் அனுமதி" என்றிருந்தால், அந்த ஊர்க்காரர் யாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அதனால் "பதிவேடுகள் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், தேவையான விவரங்களை மட்டும் கடிதத்திலேயே எழுதுங்கள். வயதுக்குப் பதில் 60–69 என்ற பிரிவு, ஊருக்குப் பதில் கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா, தேதிக்குப் பதில் மாதம். சரி, கடித்த நேரத்துக்கும் சிகிச்சை தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி வேண்டுமென்றால்? இரண்டு நேரங்களையும் கேட்காதீர்கள், கணக்கிட்ட மணி நேரத்தை மட்டும் கேளுங்கள்.

அப்புறம், அடையாளங்களை நீக்குவது யார் என்பதையும் எழுதுங்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு ஊழியரே நீக்கிக் கொடுப்பதுதான் நல்லது. உள்நோயாளி எண் உங்கள் கைக்கு வரவே கூடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் நகலையும் இணையுங்கள். நிர்வாகி முதலில் தேடுவது அதைத்தான்.