லேசாக இடித்த பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் பம்பைக் கழற்றும் முன் இந்தப் பொத்தானைப் பாருங்கள்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. பேட்டரியில் குறை இல்லை, டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. ஆனால் இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. சற்று முன்புதான் பம்பர் எதிலோ இடித்தது, அல்லது சக்கரம் ஒரு பள்ளத்தில் டமால் என்று இறங்கியது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இனர்ஷியா ஸ்விட்ச்சை. மோதல் நடந்தால் பெட்ரோல் பம்புக்குப் போகும் கரண்ட்டைத் துண்டிப்பதுதான் இதன் முக்கிய வேலை. பழைய ஃபோர்டு, ஃபியட், லேண்ட் ரோவர் கார்கள் பலவற்றில் இது உண்டு.

கோவையில் இருக்கும் என் சித்தப்பா பையனுக்குச் சமீபத்தில் இதுதான் நடந்தது. அவனுடையது பழைய பெட்ரோல் கார். அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் தூணில் இடித்துவிட்டது. பம்பரில் கீறல் மட்டும்தான். முன்னால் எடுக்கலாம் என்று கியரைப் போடுவதற்குள் இன்ஜின் இருமிவிட்டு நின்றுவிட்டது. "அண்ணா, செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. மெக்கானிக் பம்ப் போயிருக்கும், டேங்க்க இறக்கணும்ங்கறாரு" என்று போன் செய்தான். போனிலேயே சொல்லிச் சொல்லி வண்டியை எடுக்க வைத்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் கூம்பு வடிவக் குழியின் அடியில் ஓர் எஃகுக் குண்டு இருக்கும். அதை ஒரு காந்தம் பிடித்து வைத்திருக்கும். சாதாரணக் குலுக்கலுக்குக் காந்தம் குண்டை விடாது. அதைத் தாண்டிய அதிர்ச்சி வந்தால் குண்டு விடுபட்டுக் கூம்பின் சரிவில் ஏறி, மேலே உள்ள தகட்டைத் தட்டும். தகடு நகர்ந்ததும் மின்தொடர்பு பிரிந்துவிடும், மேலே இருக்கும் பொத்தான் துருத்திக்கொண்டு எழும்.

கார் எவ்வளவு வேகத்தில் போனது என்பது இந்தக் குண்டுக்குத் தெரியாது. தான் இருக்கும் இடத்தில் எவ்வளவு சடாரென்ற உதறல் வந்தது என்பது மட்டும்தான் தெரியும். நடக்கும் வேகத்தில் போனாலும், சற்றும் அசையாத கான்கிரீட் தூணில் இடித்தால் வண்டி நொடியில் ஒரு சிறு பங்குக்குள் நின்றுவிடுகிறது. உதறல் கூர்மையாக வந்துவிடும். நெளியக்கூடிய இன்னொரு காரில் அதே வேகத்தில் இடித்திருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. குண்டு எந்தப் பக்கமும் உருளும் என்பதால் முன், பின், பக்கவாட்டு இடி எல்லாமே கணக்குதான்.

"இன்ஜின் நின்றாலே கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடுமே, இந்த ஸ்விட்ச் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கும்தான். ஆனால் இடித்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்து, அடியில் பெட்ரோல் குழாய் விட்டுப்போயிருந்தால்? பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூழலுக்காகத்தான் இந்த ஸ்விட்ச்.

படி 1: திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், மோந்து பாருங்கள்

இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். அதனால் குனிந்து, டேங்க் இருக்கும் பின்சீட்டுக்கு அடிப்பகுதியிலும் இன்ஜின் பக்கத்திலும் வாசனை பிடிக்க வேண்டும். தரையில் ஈரம் இருக்கிறதா என்று போன் டார்ச்சில் பாருங்கள். ஏசி ஓடியிருந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும், அதற்கு வாசனை இராது. பெட்ரோல் வாசனை வந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு இங்கேயே முடிகிறது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கீழ்த்தளப் பார்க்கிங்கில் காற்றோட்டம் குறைவு, அங்கே இன்னும் கவனம்.

படி 2: காது கொடுங்கள்

நான் அதிகம் மல்லுக்கட்டிய படி இதுதான். பெட்ரோல் இன்ஜெக்ஷன் காரில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், செல்ஃப் அடிப்பதற்கு முன்பே, பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். குழாயில் அழுத்தம் ஏற்றுவதற்காகப் பம்ப் ஓடும் சத்தம் அது. இரண்டு மூன்று நொடிதான், பிறகு தானாக நின்றுவிடும். ஏசி ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, ஒருவர் பின்சீட்டில் காது வைத்திருக்க இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும்.

சத்தம் கேட்டால் பம்புக்குக் கரண்ட் வருகிறது, பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, இந்த ஸ்விட்ச், பம்ப் ஆகிய நான்கில் ஒன்று. இடித்த அடுத்த நொடியே நின்ற வண்டியில் நான் ஸ்விட்ச்சைத்தான் முதலில் பார்ப்பேன்.

செல்ஃபே சுற்றவில்லை, டக்கென்ற ஒரு சத்தம் மட்டும் வருகிறது என்றால் கதை வேறு. இடித்ததில் பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஸ்விட்ச் செல்ஃபைத் தடுக்காது.

படி 3: தேடுங்கள்

வண்டியுடன் வந்த கையேட்டில் 'ஃப்யூவல் கட்-ஆஃப்' அல்லது 'இனர்ஷியா ஸ்விட்ச்' என்று தேடினால் இடம் போட்டிருக்கும். நிறைய கார்களில் முன்சீட்டில் இருப்பவரின் காலடியில், கதவை ஒட்டிய பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் அந்த மூடியிலேயே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருப்பார்கள். எல்லா வண்டியிலும் அங்கேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓடிய ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவில் டிக்கிக்குள் இருந்தது. டிஃபெண்டர் டிடி5-இல் இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கிறது.

மூடியைக் கழற்ற இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்பி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காரின் கிளிப்புகள் இரும்பு பட்டால் அப்பளம்போல் நொறுங்கும். அதே இடத்தில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தென்பட்டால் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேக்குக்குப் போகும் வயர்கள்.

படி 4: அழுத்துங்கள்

இக்னிஷன் ஆஃபில் இருக்கட்டும். பொத்தானை நேராகக் கீழே அழுத்துங்கள். கிளிக் என்று உட்காரும். பொத்தான் எழுந்திருப்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் உயர வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். இருட்டான மூலையில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. என் தம்பி "பட்டன் உள்ளதான்ணா இருக்கு" என்று சாதித்தான். "எப்படி இருந்தாலும் சரி, அழுத்துடா" என்றேன். கிளிக் சத்தம் போனிலேயே எனக்குக் கேட்டது.

படி 5: உடனே செல்ஃப் அடிக்காதீர்கள்

சாவியை ஆன் செய்து சில நொடி விட்டு ஆஃப் செய்யுங்கள். ரீங்காரம் திரும்பி வந்திருக்க வேண்டும். இப்போது குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறது, பல கார்களில் 3 முதல் 4 பார் வரை. சிறு விரிசல் இருந்தால் இந்த அழுத்தத்தில்தான் கசியத் தொடங்கும். அதனால் இறங்கி இன்னொரு முறை அடியில் பார்த்து, மோந்துவிட்டு வாருங்கள். சுத்தமாக இருந்தால் சாவியை மறுபடி ஆன் செய்து, ரீங்காரம் அடங்கியதும் செல்ஃப் அடியுங்கள். தம்பியின் வண்டி இங்கே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அழுத்தியும் ரீங்காரம் வரவில்லை என்றால்

முதலில் பம்ப் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் இக்னிஷனை ஆஃப் செய்து, ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஸ்விட்ச் முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு முனை இருந்தால் எளிது. மூன்று இருந்தால், வயர் வரைபடத்தில் பம்புக்குப் போகும் இரண்டு முனைகளைக் கண்டுபிடித்துச் சோதிக்க வேண்டும். பொத்தான் உள்ளே இருந்தும் பீப் வரவில்லை என்றால் ஸ்விட்ச் போய்விட்டது.

பீப் வந்தாலும் நான் முழுதாக நம்பமாட்டேன். மல்டிமீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சொற்பம், பச்சை பூத்த தொடர்பின் வழியாகவும் அது போய்விடும். பம்புக்கு வேண்டியதோ சில ஆம்பியர். அதனால் எல்இடி பேனா டெஸ்டர் வாங்காமல், இண்டிகேட்டர் பல்பு போட்ட பழைய பாணி டெஸ்ட் லேம்ப் ஒன்றை வைத்திருங்கள். கனெக்டரைத் திரும்ப மாட்டி, ஸ்விட்ச்சிலிருந்து பம்புக்குப் போகும் வயரில் லேம்ப்பின் முனையையும் வண்டி பாடியில் கிளிப்பையும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். பல்பு அந்த இரண்டு மூன்று நொடிதான் எரியும், கண் அங்கேயே இருக்க வேண்டும். பிரகாசமாக எரிந்தால் ஸ்விட்ச்சில் தவறில்லை. ஸ்விட்ச்சுக்குள் வரும் வயரில் பிரகாசமாகவும் வெளியே போகும் வயரில் மங்கலாகவும் எரிந்தால் உள்தொடர்பு அரித்திருக்கிறது. இரண்டிலும் எரியவே இல்லை என்றால் ரிலே பக்கம் போங்கள்.

இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டால் போதும் என்று ரோட்டோரத்தில் சொல்லுவார்கள். வண்டி ஓடும்தான். அடுத்த மோதலில் குழாய் அறுந்தால் பம்பை நிறுத்த எதுவும் இருக்காது. உங்கள் மாடலுக்கான ஸ்விட்ச்சைத் தேடி வாங்கி மாட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: "பொத்தான் அழுத்தினால் நிற்கவில்லை, திரும்ப எழுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். உள்ளே இருக்கும் பூட்டு தேய்ந்துவிட்டது. டேப் ஒட்டி அழுத்தி வைக்காதீர்கள், ஸ்விட்ச்சை மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: "என் காரில் பொத்தானே இல்லை" என்று சிலர். பல புதிய கார்களில் தனி ஸ்விட்ச் கிடையாது. மோதலை உணர்ந்த ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி சொல்லி, இன்ஜின் கம்ப்யூட்டரே பம்பை நிறுத்துகிறது. சிலவற்றில் இக்னிஷனை ஆஃப் செய்து திரும்ப ஆன் செய்தாலே சரியாகும். சில கார்களில் இண்டிகேட்டரைக் குறிப்பிட்ட வரிசையில் போட்டு எடுக்க வேண்டும், அந்த வரிசை கையேட்டில் இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

பின்சேர்க்கை 3: எதிலும் இடிக்காமலேயே அடிக்கடி துண்டிக்கிறது என்று ஒரு வாசகர். ஸ்விட்ச்சைப் பாடியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள் என்றேன். ஸ்பீக்கர் மாட்டியவர் ஒரு ஸ்க்ரூவைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தார். தளர்ந்து தொங்கும் டப்பா, சின்னப் பள்ளத்துக்கும் தகட்டில் மோதி உதறும். ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு தொந்தரவு நின்றது. முன்சீட்டில் காலை அந்த மூடியில் இடித்து உட்காருகிறவர் இருந்தால் அவரையும் கவனியுங்கள்.