மாதச் சந்தாவா, மொத்த விலையா? இணைய வகுப்புக் கணக்கில் காசு நழுவும் இடங்கள்

அக்காள் மகள் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். தினமும் காலையில் கடலூர் பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்தால் ஒரு மணி நேரப் பயணம், மாலையிலும் அப்படியே. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினாள். "மாமா, தரவுப் பகுப்பாய்வுக்கு ஒரு சான்றிதழ் வகுப்பு. மாதம் 1,600 ரூபாய்தான், நாலே மாதத்தில் முடிந்துவிடுமாம். 6,400 ரூபாய்க்கு சான்றிதழே வந்துவிடும். சேரட்டுமா?"

அவள் சொன்ன 6,400 என்ற எண்ணில் இரண்டு தவறுகள் ஒளிந்திருந்தன. இணையத்தில் வகுப்பு வாங்குகிற பெரும்பாலோர் செய்கிற தவறுகள் அவை.

முதலாவது, 'நான்கு மாதம்' என்ற சொல். அந்த அறிவிப்பின் கீழே சிறிய எழுத்தில் 'வாரம் 10 மணி நேரம் படித்தால்' என்று இருந்தது. நான்கு மாதம் என்றால் ஏறத்தாழ 17 வாரம். அப்படியானால் மொத்த வேலை 170 மணி நேரம். மாதச் சந்தாவில் நாம் வாங்குவது பாடத்தை அல்ல, அந்த 170 மணி நேரத்தைக் கடந்துபோக நமக்கு ஆகிற காலத்தை. ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் நம் வேகத்தைக் கேட்க வேண்டும்.

வேகத்தை எப்படி அறிவது? ஏழு நாள் இலவசச் சோதனைக் காலம் இருந்தால் அதையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். அவளிடம் ஒரு நோட்டில் தினமும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்று மட்டும் எழுதச் சொன்னேன். முதல் நாள் ஒன்றரை மணி நேரம். அது புது மாட்டுக்காரன் புல் போடுவது போல. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. திங்கள் முதல் வெள்ளி வரை பஸ் இறங்கி, சாப்பிட்டு, அரை மணி, முக்கால் மணி என்று சேர்ந்தது மூன்று மணி நேரம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம். ஆக வாரம் ஐந்து மணி நேரம். பஸ்ஸில் காதில் கேட்டதை நான் சேர்க்கவில்லை. நின்றுகொண்டே போகிற பஸ்ஸில் எக்செல் சூத்திரம் பழக முடியாது.

170 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் 34 வாரம், அதாவது எட்டு மாதம். இனி இரண்டாவது தவறு: காட்டப்பட்ட விலையில் வரி சேர்க்கப்படவில்லை. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,600 என்பது 1,888 ஆகிறது. எட்டு மாதத்திற்கு 15,104 ரூபாய். 6,400 எங்கே, 15,104 எங்கே! விலை டாலரில் எழுதியிருந்தால் அட்டை கொடுத்த வங்கி அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம் என்று இன்னும் கொஞ்சம் பிடிக்கும். அந்தக் கட்டணத்தின் மேலும் வரி உண்டு. பணம் திரும்பி வரும்போது பாடத்தின் விலைதான் வரும். வங்கி பிடித்ததும் சேர்ந்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

எட்டு மாதம் என்பதும் தடங்கல் எதுவும் வராவிட்டால்தான். எங்கள் கடற்கரையில் மழைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் ஒரு மொழி வகுப்புக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். மின்சாரம் வந்த பிறகும் வீட்டைக் கழுவுவதிலேயே நாட்கள் போயின. டிசம்பர் மாதச் சந்தாவுக்கு நான் ஒரு பாடம் கூடத் திறக்கவில்லை; பணம் மட்டும் ஒழுங்காகப் போய்விட்டது. சில தளங்களில் சந்தாவை ஒரு மாதம் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. சேருவதற்கு முன்பே அது இருக்கிறதா என்று பார்த்துவைப்பது நல்லது. தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு தேட மனம் வராது.

மொத்தமாக ஒரே விலைக்கு வாங்குவதில் இந்தக் கடிகாரம் ஓடாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் அங்கே வேறொரு கடிகாரம் ஓடுகிறது: பணத்தைத் திரும்பக் கேட்கும் காலக்கெடு. யூடெமி தளத்தில் பெரும்பாலான வகுப்புகளுக்கு 30 நாள். கோர்செராவில் தனி வகுப்பை ஒரே தவணையில் வாங்கினால் 14 நாள். மாதச் சந்தாவாகக் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது, அதற்குப் பதிலாகத்தான் முன்னால் ஏழு நாள் இலவசம். இந்த எண்கள் மாறக்கூடியவை. வாங்குகிற நாளில் அந்தப் பக்கத்தைப் படித்து ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நடக்கும் தவறு, நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பது. நாம் முதல் பாடத்தைத் திறந்த நாளிலிருந்து எண்ணுகிறோம். அவர்கள் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இதில் நானே பட்டிருக்கிறேன். ஒரு தள்ளுபடியில், 'இன்னும் மூன்று மணி நேரம்தான்' என்று ஓடிய கடிகாரத்தைப் பார்த்துப் பயந்து, ஆறு வகுப்புகளை ஒரே இரவில் வாங்கினேன். ஒன்றைப் படித்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. இரண்டாவதைத் திறந்தபோது ஆசிரியர் பேசுகிற வேகமும் உச்சரிப்பும் எனக்கு ஒத்துவரவில்லை. திருப்பிக் கேட்கலாமென்றால் ஆறுக்கும் ஒரே நாளில் தொடங்கிய கெடு, ஒரே நாளில் முடிந்திருந்தது. மீதி நான்கு இன்றும் திறக்கப்படாமல் கிடக்கின்றன. அந்தத் தள்ளுபடி அடுத்த மாதமே மறுபடி வந்தது என்பதை வேறு சொல்ல வேண்டுமா?

ஆகவே, எத்தனை மலிவாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். வாங்கிய அன்றே முதல் பகுதியையும், நடுவிலிருந்து ஒரு பாடத்தையும் பார்த்துவிடுவது என் வழக்கம். முதல் பாடத்தை எல்லோரும் நன்றாகத்தான் எடுத்திருப்பார்கள். நடுவில்தான் சரக்கு தெரியும். ஆனால் முழுவதையும் பார்த்துவிட்டோ, பாடங்களைப் பெருமளவில் தரவிறக்கிவிட்டோ பணத்தைக் கேட்டால் 30 நாளுக்குள் கேட்டாலும் மறுக்கக்கூடும். கோர்செராவில் சான்றிதழ் பெற்றுவிட்டால் 14 நாள் என்ற பேச்சே கிடையாது. எப்படித் திரும்பி வரும் என்பதையும் பார்க்க வேண்டும்: கட்டிய கணக்குக்கே வருமா, அல்லது அதே தளத்தில் வேறு வகுப்பு வாங்க மட்டும் உதவும் இருப்பாக வருமா? இரண்டாவது வகை என்றால் அதைப் பணம் திரும்பியதாக நான் எழுதுவதில்லை. 'வாழ்நாள் அணுகல்' என்ற சொல்லுக்கும் நம் வாழ்நாள் என்று பொருளில்லை. அந்த வகுப்பு அந்தத் தளத்தில் இருக்கும் வரை என்றுதான் பொருள்.

சோதனைக் காலத்துக்கு வருவோம், அதிகம் பேர் பணத்தை இழப்பது அங்கேதான். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. தளத்தில் நேரடியாகச் சேர்ந்திருந்தால் அங்கே உள்ள கணக்குப் பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும். ஆப்பிள் அல்லது கூகுள் கடை வழியாகச் சேர்ந்திருந்தால் அந்தக் கடையின் சந்தாப் பட்டியலில்தான் ரத்து செய்ய முடியும். ரத்து செய்வதும் பணத்தைத் திரும்பக் கேட்பதும் வேறு வேறு. முதலாவது அடுத்த மாதத்தை நிறுத்தும், பிடித்த மாதத்தைத் திருப்பாது.

"ஓ.டி.பி. கேட்கவில்லையே, எப்படிப் பணம் எடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. சேர்ந்த அன்று கேட்ட ஓ.டி.பி.தான் அனுமதி. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அதன் பிறகு தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவையில்லை. ஆனால் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்தப் பரிமாற்றத்தை வேண்டாம் என்று சொல்லும் வழியும் தர வேண்டும். விளம்பரக் குறுஞ்செய்திகளோடு சேர்த்து நாம் தள்ளிவிடுகிற அந்தச் செய்திதான் கடைசிக் கதவு. யு.பி.ஐ. வழியாகக் கட்டியிருந்தால் பணச் செயலியிலேயே 'ஆட்டோபே' பகுதியில் அனுமதியை ரத்து செய்யலாம். ரத்து செய்யும் பொத்தானையே கண்ணில் படாமல் வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டே தடை செய்திருக்கிறது. அப்படிச் சிக்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, அக்காள் மகள் என்ன செய்தாள்? அவளுக்கு அலுவலகத்தில் உடனடியாக வேண்டியது எக்செல்லும், தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழியும்தான், சான்றிதழ் அடுத்த வேலைக்கு. அந்த இரண்டையும் மொத்த விலை வகுப்புகளாக, ஒன்றை முடித்து மற்றொன்றாக வாங்கினால் வரி சேர்த்துத் தலா 600 ரூபாய். அவள் வேகத்துக்கு ஐந்து மாதம் ஆனாலும் 1,200 ரூபாயோடு நிற்கும். அதன் பிறகு சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தால் பாதிக்கு மேல் தெரிந்த பாடமாக இருக்கும். வீடியோக்களைத் தாண்டித் தேர்வுகளையும் பயிற்சிகளையும் மட்டும் செய்து இரண்டு மாதத்தில் முடிக்கலாம். 1,888 வீதம் 3,776. இரண்டும் சேர்ந்து 4,976 ரூபாய்.

இந்த வழியில் ஒரு முள் இருக்கிறது. சில சான்றிதழ் வகுப்புகளில் கடைசிச் செயல்திட்டத்தை உடன் படிப்பவர்கள்தான் திருத்துவார்கள். நாம் அனுப்பிய பிறகு யாராவது பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் சந்தாத் தேதி வந்துவிட்டால் ஒன்றும் செய்யாமலே மூன்றாவது மாதத்துக்கு 1,888 போகும். அதனால் செயல்திட்டத்தைச் சந்தாத் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக அனுப்பிவிட வேண்டும்.

சோதனைக் காலத்தை அவள் ஐந்தாம் நாளே ரத்து செய்தாள். ஏழாம் நாள் நள்ளிரவு எந்த நாட்டு நள்ளிரவு என்று யாருக்குத் தெரியும்? எக்செல் வகுப்பை வாங்கிய அன்று சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் 28 தாள்களை எண்ணிப் புரட்டி, அந்தத் தாளின் மேல் சிவப்பு மையில் 'வேண்டுமா, வேண்டாமா' என்று எழுதிவைத்தாள். அந்தத் தாளைக் கிழிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.