ஏசியில் லைட் மினுக்குகிறதா? எண்ணும்போது தவறுவது இங்கேதான்

போன மே மாதம் ஒரு ஞாயிறு மதியம் அக்கா வீட்டு மாமா போன் செய்தார். "மாப்ள, ஏசில காத்து வருது, குளிர் இல்ல. லைட்டு ஏழு தடவை எரிஞ்சு எரிஞ்சு நிக்குது. போன்ல தேடிப் பாத்தேன், ஏழுன்னா கேஸ் லீக்காம். சாயங்காலம் கேஸ் போட ஆள் வரச் சொல்லிட்டேன்."

அவர் எண்ணியதும் தவறு, பார்த்த அட்டவணையும் தவறு. இரண்டு தவறும் சேர்ந்து, இல்லாத கேஸ் லீக்கை அவருக்குக் காட்டிவிட்டன. இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி வைத்திருக்கும் பல வீடுகளில் இதே கதை நடக்கிறது என்பதால், அவர் எங்கெங்கே தடுக்கினார் என்பதை வைத்தே சொல்கிறேன்.

லைட் மினுக்கியதும் முதலில் எம்சிபியை அணைத்துப் போடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். மாமாவும் அதைத்தான் செய்தார். அணைத்தால் மினுக்கல் போய்விடும். திரும்பப் போட்டதும் ஏசி நல்லபடி ஓடுவது போலத் தெரியும். சில பிழைகள் சில நிமிடம் கழித்துத்தான் மறுபடி தலைகாட்டும். அவுட்டோர் நன்றாகச் சூடேறினால்தான் வரும் பிழைகளுக்கு மணிக்கணக்கிலும் ஆகும். மெக்கானிக் வரும் நேரம் பார்த்து ஏசி சமர்த்தாக ஓடினால் அவரும் ஊகத்தில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆகவே மினுக்கும்போதே போனை எடுத்து ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, எல்லா லைட்டுகளும் தெரியும்படி நேராக நின்று எடுக்க வேண்டும். அப்புறம் எம்சிபியை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, ஒரு முறை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மின்வெட்டோ வோல்டேஜ் ஏற்ற இறக்கமோ காரணமாக இருந்தால் அதிலேயே சரியாகிவிடவும் கூடும். கருகல் வாடை வந்தால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அப்போது வீடியோ எல்லாம் வேண்டாம், உடனே அணைத்துவிட வேண்டும்.

வீடியோ ஏன் என்றால், கண்ணால் எண்ணும்போது தொடக்கமும் முடிவும் நழுவிவிடுகின்றன. மினுக்கும் குறியீட்டில் ஒரு சுற்று முடிந்ததற்கு அடையாளம் இருட்டுதான். மாமா வீட்டு ஏசியில் லைட் அரை நொடி எரிந்து அரை நொடி அணைகிறது. ஒரு சுற்று முடிந்ததும் மூன்று நொடி சும்மா இருக்கிறது. அந்த மூன்று நொடி இருட்டு முடிந்து வரும் முதல் எரிதல்தான் "ஒன்று". மாமா நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்த நொடியிலிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறார். ஒரு சுற்றின் கடைசி இரண்டையும் அடுத்த சுற்றின் முதல் ஐந்தையும் சேர்த்து ஏழு ஆக்கிவிட்டார். "இன்னொரு தடவை எண்ணுங்க" என்றபோது நான்கு வந்தது. அக்கா எண்ணியபோது ஆறு.

வீடியோவை வாங்கிப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு எரிதலுக்கும் மேசையில் விரலால் தட்டியபடி எண்ணினேன். முதல் இருட்டு வரை எதையும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று சுற்றிலும் ஆறு, ஆறு, ஆறு. மூன்று சுற்று ஒத்துவராமல் எண்ணை நம்பவே கூடாது. கவனமாக எண்ணியும் ஐந்து, எட்டு, ஐந்து, எட்டு என்று மாறி மாறி வந்தால், இரண்டு பிழைகளை ஏசி அடுத்தடுத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஒரே லைட்டைப் பார்த்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும். இதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. மீடியா நிறுவனத்தின் பல மாடல்களில் ஆபரேஷன் லைட் எண்ணிக்கையைச் சொல்லும், பக்கத்தில் உள்ள டைமர் லைட் அது எந்த வகைப் பிழை என்று சொல்லும். ஆபரேஷன் லைட் இரண்டு தடவை மினுக்கி, டைமர் லைட் அணைந்தே இருந்தால் இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே பேச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதே இரண்டு மினுக்கலுடன் டைமர் லைட் நிலையாக எரிந்தால் அவுட்டோரில் வெளி வெப்பத்தை அளக்கும் சென்சார் கோளாறு. டைமர் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் வோல்டேஜ் கூடுதல் அல்லது குறைவு. "ரெண்டு தடவை எரியுது" என்று மட்டும் போனில் சொன்னால், வயரையா, சென்சாரையா, ஸ்டெபிலைசரையா, எதைப் பார்ப்பது என்று மெக்கானிக்குக்குத் தெரியாது.

ஓ ஜெனரல் ஏசிகளில் கணக்கே வேறு. பச்சை ஆபரேஷன் லைட் பத்துகளின் இடம், ஆரஞ்சு டைமர் லைட் ஒன்றுகளின் இடம். மூன்றாவதாக உள்ள எகானமி லைட் நிற்காமல் வேகமாக மினுக்கிக்கொண்டிருக்கும். பச்சை நான்கு, ஆரஞ்சு ஒன்று என்றால் 41, அறை வெப்பச் சென்சார். பச்சை ஐந்து, ஆரஞ்சு ஒன்று என்றால் 51, இன்டோர் ஃபேன் மோட்டார். பச்சையை ஒன்று கூடுதலாக எண்ணிவிட்டால் சின்ன சென்சார் பழுது மோட்டார் பழுதாகிவிடும், செலவும் அதற்கேற்ப ஏறும். இதில் இன்டோருக்கும் அவுட்டோருக்கும் பேச்சு அறுந்ததைச் சொல்லும் 11 தான் ஏமாற்றும் எண். பச்சையும் ஒரு தடவை, ஆரஞ்சும் ஒரு தடவை என்பதால் பார்ப்பவருக்குச் சும்மா மினுக்குவது போலத்தான் இருக்கும். எண்ண வேண்டும் என்ற எண்ணமே வராது.

எண்ணவே கூடாத இடமும் உண்டு. டைகின், பானசோனிக் ஏசிகளில் பெரும்பாலும் லைட் மினுக்குவது "ஏதோ கோளாறு" என்று சொல்வதற்கு மட்டும்தான். கோட் என்ன என்பது ரிமோட்டில் இருக்கிறது. டைகினில் கேன்சல் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் 00 மினுக்கும். அதன்பின் அதே பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனால் ஏசி பீப் கொடுக்கும். சின்ன பீப் என்றால் அந்தக் கோட் இல்லை, நீளமான பீப் வந்த இடத்தில் திரையில் இருப்பதுதான் உங்கள் கோட். U4 வந்தால் இரண்டு யூனிட்டும் பேசிக்கொள்ளவில்லை. பானசோனிக் ரிமோட்டில் கூர்நுனியால் அழுத்தும் சின்ன செக் பட்டன் ஒன்று உண்டு. அதுவும் ஐந்து நொடி. அங்கே இதே பிழைக்கு H11. ஆக ஒரே கோளாறு ஒரு கம்பெனியில் இரண்டு மினுக்கல், இன்னொன்றில் 11, மற்றொன்றில் U4. பிராண்டும் மாடலும் பார்க்காமல் யாரோ போட்ட அட்டவணையை நம்பக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். மாடல் நம்பர் இன்டோரின் பக்கவாட்டிலோ அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். வீடியோவோடு அதையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

மாமா பார்த்த அட்டவணை வேறு கம்பெனியுடையது. அதில் ஏழு என்பது கேஸ் குறைவுதான். அவருடைய மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஆறு என்பது இன்டோர், அவுட்டோர் இடையே தகவல் தொடர்பு இல்லை என்பது. அவுட்டோர் ஓடுகிறதா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஃபேன் அசையவில்லை, சத்தமும் இல்லை. கம்ப்ரசர் ஓடாத ஏசியில் அழுத்தத்தை வைத்துக் கேஸ் அளவைச் சரியாகப் பார்க்க முடியாது. மீட்டரை மாட்டினாலும் ஏசி ஓடாமல் நிற்கும்போதுள்ள அழுத்தம்தான் தெரியும். சாயங்காலம் வர இருந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் வந்த மெக்கானிக் கோட் எண்ணைக் கேட்டதுமே "அப்போ அவுட்டோர் போர்டு போயிருக்கும்" என்றார். இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். பழுதான பொருளின் பெயரைக் கோட் சொல்வதில்லை. புகார் கொடுப்பவர் யார், புகார் என்ன என்பது மட்டும்தான் அதில் இருக்கும். "நான் கூப்பிடுகிறேன், அவுட்டோரிலிருந்து பதில் இல்லை" என்கிறது இன்டோர். பதில் வராததற்கு அவுட்டோர் போர்டு காரணமாக இருக்கலாம். அவுட்டோருக்குக் கரண்டே போகாமல் இருக்கலாம். இடையில் போகும் வயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அவுட்டோர் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். சென்சார் பிழையும் அப்படித்தான். சென்சாரே கெட்டிருக்கலாம், அல்லது அதன் கனெக்டர் போர்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

போர்டு விலையைப் பேசுவதற்கு முன் அவுட்டோர் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னோம். அவரும் மறுக்கவில்லை. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 228 வோல்ட் இருந்தது, கரண்ட் வருகிறது. அடுத்து நியூட்ரலுக்கும் சிக்னல் வயருக்கும் இடையே பார்த்தார். பேச்சு நடந்துகொண்டிருந்தால் அங்கே மீட்டர் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்க வேண்டும். அது அசையவே இல்லை. எம்சிபியை அணைத்துவிட்டு இரண்டு பக்கமும் சிக்னல் வயரைக் கழற்றி, முனைக்கு முனை தொடர்ச்சி பார்த்தார். தொடர்ச்சி இல்லை.

காப்பர் குழாயோடு சுற்றியிருந்த டேப்பைச் சுவர் ஓட்டைக்கு வெளியே பிரித்ததும் விஷயம் தெரிந்தது. ஏசி மாட்டியபோது வயர் நீளம் போதாமல் அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்கும் இடம். மூன்று ஒட்டுகளில் சிக்னல் வயரின் ஒட்டு பச்சையாகக் களிம்பேறி, இழுத்ததும் கையோடு வந்தது. ஒட்டே இல்லாத புது வயர் ஒன்றை இன்டோரிலிருந்து அவுட்டோர் வரை இழுத்தார்கள். மூன்று நிமிடம் காத்திருந்தபின் கம்ப்ரசர் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது, லைட் நிலையாக எரிந்தது.

அவுட்டோர் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். இன்வெர்ட்டர் போர்டில் உள்ள பெரிய கப்பாசிட்டர்களில் எம்சிபியை அணைத்த பிறகும் சில நிமிடம் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தங்கியிருக்கும். மெக்கானிக்கும் மீட்டரில் அது இறங்கியதைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, மினுக்குவதெல்லாம் கோளாறும் அல்ல. ஓ ஜெனரலில் டைமர் போட்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தால் டைமர் லைட் மினுக்கும். டைமர் கலைந்துவிட்டது, மறுபடி வையுங்கள் என்பதுதான் செய்தி. ரிமோட் கிடைக்காமல் யூனிட்டில் உள்ள மேனுவல் பட்டனைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திவிட்டால் சோதனை ஓட்டம் தொடங்கி, ஆபரேஷன், டைமர் இரண்டும் ஒரே நேரத்தில் மினுக்கும். ஏசி குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். குளிர் நன்றாக வருகிறது, லைட் மட்டும் மினுக்குகிறது என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் கடைசியாக யார் எந்தப் பட்டனை அழுத்தினார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.