சுயவிவரத்தைப் படித்து முதல் கேள்வியைப் பரிந்துரைக்கும் சிறு கருவி: தொடக்க நிலையினருக்கான செய்முறை

துணை தேடும் செயலிகளில் ஒருவருக்கு முதன்முதலாக என்ன எழுதுவது என்று தெரியாதவர்கள், அவர் தம்மைப் பற்றி எழுதியிருப்பதிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள உதவும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை இங்கே உருவாக்கப் போகிறோம். பைத்தானில் பட்டியலும் சார்பும் எழுதத் தெரிந்தால் போதும். கருவியின் வேலை எளியது: விவரத்தில் உள்ள சொற்களைத் தேடும், பொருத்தமான கேள்விகள் இரண்டைக் காட்டும், எதுவும் கிடைக்காவிட்டால் பேசாமல் இருக்கும். செய்தியை அது தானாக அனுப்பாது. கேள்வியை மாற்றி எழுதுவதும் அனுப்புவதும் பயனரின் பொறுப்பு.

மொழி மாதிரிகளைக் கொண்டும் இதைச் செய்யலாம். இருந்தாலும் முதல் முறை செய்பவர்கள் விதிகளைக் கையால் எழுதித் தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தவறான கேள்வி வந்தால், அது எந்த விதியிலிருந்து வந்தது என்பதை விரல் வைத்துக் காட்ட முடியும். கருவியின் சாய்வுகளையும் அப்படியே கண்டுபிடிக்க முடியும்.

படி 1: தமிழ்ச் சொற்களைச் சரியாகப் பிரித்தல்

ஆங்கில எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதுபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. சொற்களைப் பிரிக்கப் பெரும்பாலான பாடங்கள் `\w+` என்ற வடிவத்தைக் கற்பிக்கின்றன. தமிழில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள்:

```python
import re
re.findall(r"\w+", "கவிதை")   # ['கவ', 'த']
```

பைத்தானின் இந்த வடிவம் எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. யூனிகோடில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனி எழுத்துகளாக அல்லாமல், எழுத்தோடு சேரும் குறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. அதனால் ஒவ்வொரு குறியிலும் சொல் உடைந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. கருவி எதையும் கண்டுபிடிக்காமல் அமைதியாக இருக்கும். காரணம் தெரியாமல் விதிகளைத் திருத்திக்கொண்டிருப்போம். இதைத் தவிர்க்க, தமிழுக்கு ஒதுக்கப்பட்ட யூனிகோடு வரம்பை நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

இதனோடு இன்னொன்றும் உண்டு. ‘கொ’ போன்ற எழுத்தின் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களும் கணினிக்கு வேறுவேறு. எனவே உரையை முதலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். கீழே உள்ள நிரலில் `normalize` என்ற வரி அதற்குத்தான்.

படி 2: விதிகளும் முழு நிரலும்

ஒவ்வொரு விதிக்கும் மூன்று பகுதிகள் உள்ளன: சொல்லின் அடிப்பகுதி, எடை, கேள்வி. தமிழில் ஒரே சொல் ‘மலையேற்றம்’, ‘மலையேற்றத்துக்கு’, ‘மலையேறுவேன்’ என்று உருமாறி வருவதால், முழுச் சொல்லைத் தேடாமல் அது தொடங்கும் பகுதியைத் தேடுகிறோம்.

```python
import re
import unicodedata

WORD = re.compile(r"[\u0B80-\u0BFFA-Za-z]+")
NEG = ("பிடிக்காது", "பிடிக்கவில்லை", "இல்லை", "மாட்டேன்")

RULES = [
    ("மலையேற", 3, "அண்மையில் எந்த மலைக்கு ஏறினீர்கள்?"),
    ("சமை", 2, "நீங்கள் சமைப்பதில் மற்றவர்கள் திரும்பக் கேட்பது எது?"),
    ("பயண", 1, "மறுபடியும் போக நினைக்கும் இடம் எது?"),
    ("சினிமா", 1, "அண்மையில் பார்த்ததில் மனதில் நின்ற படம் எது?"),
]

def suggest(text, limit=2):
    text = unicodedata.normalize("NFC", text)
    found = {}
    for sent in re.split(r"[.!?\n]+", text):
        words = WORD.findall(sent)
        if any(w.endswith(NEG) for w in words):
            continue
        for stem, weight, line in RULES:
            if any(w.startswith(stem) for w in words):
                found[line] = (weight, sent.strip())
    ranked = sorted(found.items(), key=lambda x: -x[1][0])
    return ranked[:limit]
```

எடை என்பது ஒரு சொல் எவ்வளவு குறிப்பானது என்பதற்கான மதிப்பு. பயணமும் சினிமாவும் ஏராளமானோர் எழுதுவன. அவற்றைப் பற்றிய கேள்வியை எவருக்கும் அனுப்பலாம் என்பதால், விவரத்தை உண்மையில் படித்தீர்கள் என்பதற்கு அது அடையாளமாகாது. மலையேற்றம் அப்படியல்ல. கேள்வியோடு, அது எந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது என்பதையும் நிரல் திருப்பித் தருகிறது. இதைத் திரையில் கட்டாயம் காட்டுங்கள். பயனர் மூல வாக்கியத்தைப் பார்த்தால்தான் கேள்வி பொருந்துகிறதா என்று அவரால் தீர்மானிக்க முடியும்.

படி 3: ஒரு விவரத்தை ஓட்டிப் பார்த்தல்

இது நானே எழுதிய கற்பனை விவரம். உண்மையான ஒருவரின் விவரத்தை அவர் அனுமதியின்றிச் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.

```
வங்கியில் வேலை. ஞாயிறு காலையில் மலையேற்றம், மாலையில்
புதிதாக ஏதாவது சமைத்துப் பார்ப்பேன். சினிமா அவ்வளவாகப்
பிடிக்காது. பயணம் பிடிக்கும்.
```

வரி முறிந்த இடத்தையும் நிரல் வாக்கிய முடிவாகக் கொள்வதால், இதை ஒரே வரியாக ஒட்டிச் சோதியுங்கள். இல்லையென்றால் ‘சினிமா அவ்வளவாகப்’ ஒரு துண்டாகவும் ‘பிடிக்காது’ இன்னொரு துண்டாகவும் பிரிந்து, எதிர்மறையைக் கருவி தவறவிடும். ஒரே வரியாகக் கொடுத்தால் மலையேற்றக் கேள்வி முதலிலும், சமையல் கேள்வி அடுத்தும் வரும். ‘பயணம்’ கண்டுபிடிக்கப்பட்டாலும் எடை குறைவு என்பதால் பட்டியலில் இடம் பெறவில்லை. சினிமாவைப் பற்றிய வாக்கியம் முழுவதுமாக ஒதுக்கப்பட்டது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வினையோடு ஒட்டி வருவதால், சொல்லுக்கு அருகில் தேடாமல் வாக்கியம் முழுவதையும் பார்க்கிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ‘பயணம் இல்லாமல் என்னால் வாழ முடிவதில்லை’ என்று ஒருவர் எழுதினால், ‘முடிவதில்லை’ என்ற சொல் ‘இல்லை’ என்ற குறியீட்டு வரிசையில் முடியாததால் அந்த வாக்கியம் தப்பிக்கிறது. அதையே ‘பயணம் போல இன்பம் வேறு இல்லை’ என்று எழுதினால், பயணத்தை மிகவும் விரும்புபவரின் வாக்கியத்தைக் கருவி வீசிவிடுகிறது. இந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிடிக்காது என்று சொன்னதைப் பற்றியே ஒருவரிடம் கேட்பதைவிட, ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிடுவது மேல்.

படி 4: தவறான பொருத்தங்களைத் தேடுதல்

பாடுவதைப் பற்றி ஒரு விதி சேர்க்க நினைத்து, அடிப்பகுதியாக ‘பாட’ என்று எழுதினால் என்ன ஆகும்? பாடல், பாடகி, பாடுவேன் என்ற மூன்றில் கடைசியானது பொருந்தாது என்று நினைப்போம். அதுவும் பொருந்தும், ஏனெனில் கணினிக்கு ‘டு’ என்பது ‘ட’வும் ஒரு குறியும். அதே காரணத்தால் ‘பாட்டி’யும் பொருந்தும், ‘பாடம்’ என்பதும் பொருந்தும். ‘பாட்டியுடன் வசிக்கிறேன்’ என்று எழுதியவரிடம் எந்தப் பாடல் பிடிக்கும் என்று கருவி கேட்கும். பள்ளியில் பாடம் நடத்துபவரிடமும் அதையே கேட்கும்.

ஆகவே ஒவ்வொரு அடிப்பகுதியையும் சேர்க்கும்போது, அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு சொற்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். இங்கே ‘பாடல்’, ‘பாடக’, ‘பாடுவ’ என்று மூன்று நீண்ட விதிகளாகப் பிரித்தால் சிக்கல் பெரும்பாலும் தீரும். நீண்ட அடிப்பகுதி சில வடிவங்களைத் தவறவிடும், குறுகியது வேண்டாதவற்றைப் பிடிக்கும். இந்தக் கருவியில் எப்போதும் நீண்டதையே தேர்ந்தெடுங்கள்.

படி 5: எதைக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தல்

அரிதான சொல்லுக்கு அதிக எடை என்ற எண்ணத்தை அப்படியே தானியங்கி ஆக்கினால் ஆபத்து வரும். நோய், மணமுறிவு, மதம், சாதி போன்ற சொற்களும் விவரங்களில் அரிதாகவே வரும். அரிதானது என்பதற்காகவே கருவி அவற்றை முதலில் தூக்கிக் காட்டும். நம் நிரலில் விதிப் பட்டியலில் உள்ளதைப் பற்றி மட்டுமே கேள்வி பிறப்பதால் இந்த ஆபத்து அடைபட்டிருக்கிறது. ஆனால் பட்டியலை எழுதுபவர் நாம்தானே. சாதாரணமாகத் தோன்றும் சில கேள்விகள் நம் ஊரில் வேறு பொருள் கொள்கின்றன. ‘சொந்த ஊர் எது’, ‘பூர்வீகம் எங்கே’, ‘சைவமா அசைவமா’ என்பவை பலருக்குச் சாதியை மறைமுகமாக விசாரிக்கும் கேள்விகளாகவே கேட்கும், அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அது முதல் வரியிலேயே புரிந்துவிடும். அவற்றை விதிகளில் சேர்க்காதீர்கள். வேலை செய்யும் இடம், வசிக்கும் பகுதி பற்றிய கேள்விகளையும் பாதுகாப்புக்காக விட்டுவிட வேண்டும். தோற்றத்தைப் பற்றிய புகழ்ச்சிக்கும் இங்கே இடமில்லை.

படி 6: சாய்வைச் சோதித்தல்

இந்த நிரல் பெயரையோ பாலினத்தையோ பார்ப்பதில்லை. கேள்விகளும் ‘நீங்கள்’ என்றே அமைந்திருப்பதால் பாலினம் நுழைய வழியில்லை. ஆகவே சாய்வே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. இதன் சாய்வு, யாருக்குக் கேள்வி கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதில் இருக்கிறது. கீழுள்ள இரண்டு வரிகளையும் ஓட்டுங்கள்:

```python
suggest("வார இறுதியில் மலையேறுவேன்")   # ஒரு கேள்வி
suggest("weekend la malai eruven")      # []
```

பொருள் ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதுபோலவே, மலையேற்றத்தை நினைத்த எனக்குச் சிலம்பமும் கோலமும் காளை வளர்ப்பும் தேவாலயப் பாடகர் குழுவும் விதிகளாகத் தோன்றவில்லை; என் பட்டியல் நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குபவரின் ஓய்வு நேரத்தை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. இதைக் கண்டறிய, ஒரே அளவு நீளமுள்ள கற்பனை விவரங்களை ஜோடிகளாக எழுதுங்கள்: தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, நகர வாழ்க்கை ஒன்று, கிராம வாழ்க்கை ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை வெற்றுப் பட்டியல் வருகிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருந்தால், அந்தப் பக்கத்து வாழ்க்கையை அறிந்தவர்களைக் கேட்டு விதிகளைச் சேர்க்க வேண்டும். இரண்டு வரி மட்டுமே எழுதியவருக்கு வெற்றுப் பட்டியல் வருவதை மட்டும் விதிகளால் சரிசெய்ய முடியாது. அங்கே ‘விவரத்தில் போதிய செய்தி இல்லை’ என்று காட்டுவதே நேர்மை.

கடைசியாக, பதில் வந்த கேள்விகளுக்குத் தானாக எடையைக் கூட்டலாமே என்ற யோசனை பலருக்கும் வரும். ஓகேகுபிட் என்ற அமெரிக்கத் தளம் 2009-இல் தன் பயனர்களின் முதல் செய்திகளை ஆராய்ந்து, தோற்றத்தைப் புகழ்வதைவிடக் குறிப்பான ஆர்வங்களைப் பற்றி எழுதுவது அதிகப் பதில்களைப் பெறுகிறது என்று தெரிவித்தது. நம் எடைமுறையும் அந்தப் போக்கோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் அது ஒரு தளத்தில், ஆங்கிலத்தில் எழுதியவர்களைப் பற்றியது. மேலும், பதில் வருவது கேள்வியை மட்டும் பொறுத்ததன்று. அனுப்பியவரின் படம், பெயர், அந்தப் பெயர் உணர்த்தும் சமூகம் ஆகிய அனைத்தும் அதில் கலந்திருக்கின்றன. பதில் எண்ணிக்கையைக் கொண்டு எடையை மாற்றினால், யாருக்குப் பதில் தர மக்கள் விரும்புகிறார்கள் என்ற பாகுபாடு, எந்தக் கேள்வி நல்லது என்ற தோற்றத்தில் கருவிக்குள் வந்துவிடும். எனவே எடைகளைக் கையாலேயே வைத்திருங்கள், மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை விதிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதிவிட்டு, மேலே சொன்ன ஜோடிச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.