பெரியவர்களுக்கான செயலித் திரையைச் சோதிக்கும்போது நாங்கள் செய்த தவறுகள்

காட்பாடியில் ஒரு மருந்துக்கடைக்காகச் செயலி செய்தோம். ஆர்டர் திரையை அலுவலகத்தில் நாலு பேர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு 72 வயது.

முதல் தவறு, எங்கள் போனிலேயே எழுத்தைச் சோதித்தது. பெரியம்மாவின் போனில் எழுத்தளவை மகன் ஆகப் பெரியதாக வைத்திருந்தார். அதில் 'ஆர்டரை உறுதி செய்யவும்' என்ற பட்டனில் 'ஆர்டரை' மட்டும்தான் தெரிந்தது; பட்டனின் உயரத்தை நாங்கள் கட்டிப் போட்டிருந்ததால் இரண்டாவது வரி வெட்டுப்பட்டுவிட்டது. எழுத்தை sp-யிலேயே விட்டு, பட்டனின் உயரத்தை எழுத்துக்கு ஏற்ப வளரும் wrap_content, குறைந்தபட்ச உயரம் 48dp என்று மாற்றியதும் சரியானது. ஆங்கிலத்தில் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது, அங்கே 'OK' என்று இரண்டே எழுத்து.

அடுத்தது சொற்கள். பட்டன் முழுசாகத் தெரிந்த பிறகும் அவர் தட்டவில்லை. "உறுதின்னு போட்டா காசு போயிடுமா?" என்று கேட்டார். அவர் பயந்தது பணத்துக்கு. அதற்குத் திரையில் பதிலே இல்லை. பட்டனை 'கடைக்கு அனுப்பு' என்று மாற்றி, அதன் மேலேயே 'பணம் இப்போது வேண்டாம், மருந்து வந்ததும் கொடுக்கலாம்' என்று எழுதினோம்.

இதைவிட மோசம், ஆர்டர் திரையை விட்டு வெளியே வரும்போது செயலி கேட்ட கேள்வி: 'ஆர்டரை ரத்து செய்யவா?' கீழே இரண்டு பட்டன், 'ரத்து', 'சரி'. ரத்து என்றால் ஆர்டர் போகுமா, இந்தக் கேள்வி போகுமா? எனக்கே ஒரு நொடி குழப்பம். பெரியம்மா இரண்டையும் தொடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி வரட்டும்" என்றார். இப்போது அங்கே 'ஆர்டர் வேண்டாம்', 'ஆர்டர் இருக்கட்டும்' என்று ஒன்றன் கீழ் ஒன்றாக, நடுவில் நல்ல இடைவெளியோடு இருக்கிறது.

இங்கேதான் எங்கள் பெரிய தவறு புரிந்தது. தவறாகத் தட்டியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம், பயந்து தட்டாமல் விட்டதை யாரும் குறிக்கவே இல்லை. விரல் பட்டனுக்கு மேலே வந்து நிற்பது, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது, போனைக் கீழே வைப்பது, இந்த மூன்றையும் எந்த இடத்தில் நடந்தது என்று எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் "பரவாயில்லை, தட்டுங்க" என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் தனியாக இருக்கும்போது அப்படிச் சொல்ல ஆள் இருக்காது.

அப்புறம், விரலை அழுத்தி வைத்தால் மருந்து நீங்கும்படி செய்திருந்தோம். வயதானவர்கள் பலர் மெதுவாக அழுத்தி எடுப்பார்கள், அரை நொடி அளவு விரல் நின்றாலே போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். எண்ணிக்கையைக் கூட்டப் போன பெரியம்மாவின் பிரஷர் மாத்திரை பட்டியலில் இருந்தே மறைந்துவிட்டது, மீட்கும் பட்டனும் அவர் படித்து முடிப்பதற்குள் போய்விட்டது. இப்போது நீண்ட அழுத்தமே கிடையாது. நீக்கிய மருந்து மங்கலாக அதே வரிசையில் நிற்கும், பக்கத்தில் 'திரும்பச் சேர்' என்று இருக்கும், ஆர்டர் அனுப்பும் வரை அது போகாது.