டாக்சிசைக்ளின் கேப்சூல்: விழுங்குவது எப்படி, வெயிலில் போவது எப்படி

முகப்பருவுக்குத் தோல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் டாக்சிசைக்ளின் மிகப் பழக்கமான ஒன்று. நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் சீட்டில் "இரவு ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கும், கடையில் அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள், அதை எப்படி விழுங்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இந்த மருந்தைப் பொறுத்தவரை அதுதான் முக்கியம், அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். விடுதியில் தங்கிப் படிக்கும் 20 வயது மாணவி, தாடையிலும் முதுகிலும் வலியுள்ள பருக்கள். மருத்துவர் தினம் ஒரு 100 மில்லிகிராம் கேப்சூலும், பூசிக்கொள்ள பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் தந்திருக்கிறார். இரத்தசோகைக்கு ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறாள். வகுப்புக்கு ஸ்கூட்டரில் போகிறாள்.

படி 1: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

படுக்கப் போகும் நேரம் வேண்டவே வேண்டாம். டாக்சிசைக்ளின் ஈரத்தில் கரையும்போது கடுமையான அமிலத்தன்மை வரும். வயிற்றுக்குள் போய்க் கரைந்தால் பிரச்சினை இல்லை, ஏனென்றால் வயிறு அமிலத்தைத் தாங்கும்படி அமைந்தது. நெஞ்சுக்கு நடுவில், உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். படுத்துவிட்டால் கேப்சூலைக் கீழே இழுக்க எடை இல்லை, தூங்கும்போது எச்சில் விழுங்குவதும் குறைந்துவிடும், அதனால் ஒட்டியது ஒட்டியபடியே கிடக்கும்.

நம் மாணவி இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவள் என்றால், மருத்துவரிடம் கேட்டு கேப்சூலைக் காலை உணவுக்குப் பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. இட்லியோ தோசையோ சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டலும் குறையும். ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் இவற்றோடு சேர்த்துப் போட வேண்டாம், சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும். டீயில் ஊற்றும் கொஞ்சம் பாலுக்குப் பயப்படத் தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் அசிடிட்டிக்குக் குடிக்கும் சிரப்பும்தான் பெரிய இடைஞ்சல், இரண்டும் மருந்தை வீணாக்கிவிடும். அதனால் இவள் கேப்சூலைக் காலையிலும் இரும்பு மாத்திரையை இரவிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

படி 2: விழுங்குங்கள்

நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது நில்லுங்கள். ஒரு பெரிய டம்ளர் நிறைய, அதாவது ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மிடறு குடித்துத் தொண்டையை நனையுங்கள். கேப்சூலின் மேலுறை ஜெலட்டின், ஈரம் போதாவிட்டால் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது, அண்ணாந்து குடிக்காதீர்கள். நம் வீடுகளில் டம்ளரில் வாய் வைக்காமல் தூக்கி ஊற்றிக் குடித்தே பழக்கம். கேப்சூல் எடை குறைவானது, தண்ணீரில் மிதக்கும், தலையைப் பின்னால் சாய்த்தால் அது பல் பக்கம் ஒதுங்கும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். கேப்சூலை நாக்கில் வைத்து, டம்ளரில் வாய் வைத்து ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து, மோவாயைச் சற்று நெஞ்சுப் பக்கம் குனித்து விழுங்குங்கள். பின்னால் மிதந்து தானே இறங்கிவிடும். அப்புறம் மீதித் தண்ணீர் முழுவதையும் குடித்து முடியுங்கள். கேப்சூல் இறங்கிவிட்டது என்ற உணர்வை நம்பிப் பாதியில் நிறுத்த வேண்டாம், நடு நெஞ்சில் ஒட்டியிருப்பது பல நேரம் தெரியவே தெரியாது.

கேப்சூலைத் திறந்து தூளைச் சாப்பிடுவதும் வேண்டாம். விழுங்கவே முடியவில்லை என்றால் தண்ணீரில் கரையும் மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள்.

படி 3: படுக்காதீர்கள்

குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம். மறந்துபோன மாத்திரை இரவு படுக்கையில் நினைவுக்கு வந்தால் எழுந்து போட்டுவிட்டு உடனே படுப்பதைவிட, காலை வரை விட்டுவிடுவது நல்லது. மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு இதே மருந்து 100 மில்லிகிராம் வீதம் காலை, இரவு இரு வேளை, பெரும்பாலும் 7 நாள் தருவார்கள். காய்ச்சல்காரர் சோர்ந்து படுத்திருப்பார், பக்கத்தில் இருப்பவர் படுத்தபடியே வாயில் மாத்திரையைப் போட்டு ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றுவார். அப்படிச் செய்யாதீர்கள். தூக்கி உட்கார வைத்து, முழு டம்ளர் தண்ணீர் கொடுத்து, தலையணை அடுக்கிச் சாய்ந்தாற்போலாவது அரை மணி நேரம் உட்கார வையுங்கள். காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கினாலும் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும்.

புண்ணாகிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நடு நெஞ்சில் குத்தும் வலி வரும். சாதாரண நெஞ்செரிச்சலுக்கும் இதற்கும் வித்தியாசம், விழுங்கும்போது இது அதிகமாகும், வெந்நீரும் காரக் குழம்பும் இறங்கும் இடம் துல்லியமாகத் தெரியும். அப்படி இருந்தால் அடுத்த கேப்சூலைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். வலிக்கு நீங்களாக இபுபுரூஃபென் போடாதீர்கள், புண் இன்னும் மோசமாகும். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, வாந்தியில் இரத்தம், மலம் கறுப்பாகப் போகிறது, மூச்சுத் திணறல், அல்லது வலி கையிலும் தாடையிலும் பரவுகிறது என்றால் நேராக மருத்துவமனைதான்.

படி 4: வெயில்

இந்த மருந்து தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர், முக்கியமாக யூவிஏ, பட்டால் தோல் வெந்துவிடும். இரவில் போட்டால் பகலில் பாதிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். உடம்பில் பாதியளவு குறையவே ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும், அதனால் எந்த நேரத்தில் போட்டாலும் பகலில் மருந்து இருக்கும். மேகமூட்டத்திலும் யூவிஏ வரும், ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும்.

நம் நிறத்துக்கு இதெல்லாம் வராது என்பதும் சரியல்ல. மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாமல் முதலில் எரிச்சல்தான் தெரியும், பிறகு கருமை படரும், அந்தக் கருமை போக மாதக்கணக்கில் ஆகும். பருவின் தழும்பைக் குறைக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு வேதனை!

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு மூக்கைவிடப் புறங்கைதான் அதிகம் வேகும், கைப்பிடியில் வெயிலைப் பார்த்தபடியே இருப்பதால். கையுறை, முழுக்கை, கழுத்தை மூடும் துப்பட்டா. முகத்துக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள, யூவிஏவையும் தடுக்கும் சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிழிந்த அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், வெளியே போக 15 நிமிடம் முன்பு பூசி, வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. நகத்தடியில் வலி வந்து நகம் தூக்கினாலும் இதே காரணமாக இருக்கலாம். கொப்புளம் வந்தால் வெயிலை விட்டு வந்து, குளிர்ந்த நீரால் ஒற்றி, மருந்தைத் தொடரலாமா என்று கேளுங்கள்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கர்ப்பமா, கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறீர்களா என்பது. பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிறீர்களா என்பது, இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் கூடலாம். விடாத தலைவலியும் கண் மங்கலும் அதன் அறிகுறி, வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

பருவில் மாற்றம் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும், வழக்கமாக 3 மாதத்துக்குள் கேப்சூலை நிறுத்திவிடுவார்கள். ஜெல்லைச் சேர்த்துப் பூசச் சொல்வது கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடாமல் இருக்க, அதனால் அதை விட்டுவிடாதீர்கள். நிறுத்திய பிறகு பரு திரும்பினால் மிச்சமிருக்கும் அட்டையிலிருந்து நீங்களே எடுத்துப் போடாமல் மருத்துவரிடம் போங்கள்.