பினாங்கில் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் வேலை: பதிவு, நேர்முகத் தேர்வு, ஷிப்ட் கணக்கு

மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, பினாங்கிலோ கோலாலம்பூரிலோ முதல் வேலை தேடுபவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். மருந்தகப் பணிக்கான வழி வேறு என்பதால், அதை இதனுடன் கலக்காமல் ஆய்வுக்கூடப் பணியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: பதிவு

2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆகவே மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பதிவும் பணிபுரிவதற்கான சான்றிதழும் இருவேறு ஆவணங்கள் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. பதிவு நீங்கள் தகுதி பெற்றவர் என்பதைக் காட்டுகிறது. சான்றிதழோ குறிப்பிட்ட காலத்துக்கு நீங்கள் பணிபுரியலாம் என்று அனுமதிக்கிறது. அதில் காலாவதித் தேதி இருக்கும். அதைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைத் தொடங்குமுன், உங்கள் கல்லூரியின் டிப்ளோமா மலேசியத் தகுதி முகமையின் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் அங்கே இருப்பது மட்டும் போதாது. நீங்கள் படித்த அதே பாடத்திட்டம், நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குப் பொருந்தும் வகையில் பதிவாகியிருக்க வேண்டும். அடையாளக் கார்டில் உள்ள பெயரும் டிப்ளோமாவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். நம்மவர்களின் பெயர்களில் "a/l", "a/p" ஓர் ஆவணத்தில் இருந்து மற்றொன்றில் விடுபட்டிருப்பது வழக்கமான சிக்கல். பட்டச் சுருள் இன்னும் கைக்கு வராவிட்டால், கல்லூரி தரும் படிப்பு நிறைவுக் கடிதத்தை ஏற்பார்களா என்று மன்றத்திடமும் வேலை தருபவரிடமும் எழுத்து மூலமாகவே கேளுங்கள்.

அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் `Juruteknologi Makmal Perubatan` என்ற பதவிப் பெயரைத் தேடுங்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதை முதலில் படித்துவிடுவது நல்லது. தனியார் வேலைக்கு மருத்துவமனைகளின் பக்கங்களோடு, வெளியிலிருந்து மாதிரிகளைப் பெற்றுச் சோதிக்கும் ஆய்வுக்கூடக் குழுமங்களின் பக்கங்களையும் பாருங்கள். புதியவர்களுக்குப் பலவகைச் சோதனைகளில் கைப்பழக்கம் கிடைப்பது மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில்தான் என்பது என் கருத்து. பெரிய குழுமத்தில் ஒரே பிரிவில் நெடுங்காலம் நின்றுவிட நேரலாம்.

இரண்டாம் படி: செய்முறைக் கேள்வி

நேர்முகத் தேர்வில் புத்தக வரையறைகளை விட, ஒரு முடிவைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்பதையே விரும்பிக் கேட்பார்கள். இந்த வகைக் கேள்வி ஒன்றை முழுமையாகப் பார்ப்போம்.

ஒரு வெளிநோயாளியின் பொட்டாசியம் லிட்டருக்கு 7.8 மில்லிமோல் என்று கருவி காட்டுகிறது. கிரியேட்டினின் இயல்பாக இருக்கிறது. கால்சியம் 1.2 மட்டுமே, அல்கலைன் பாஸ்பட்டேஸும் மிகக் குறைவு. சீரம் தெளிவான மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

"மீண்டும் கருவியில் ஓட்டிப் பார்ப்பேன்" என்பது பலரும் முதலில் சொல்லும் பதில். மாதிரியே கெட்டிருந்தால், எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்தான் வரும் என்பதால், கேட்பவருக்கு அந்தப் பதில் போதாது. எண்களைச் சேர்த்துப் படிப்பதே அவர் எதிர்பார்ப்பது. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. அது மாதிரியில் கலந்தால் பொட்டாசியம் ஏறும். அதே உப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் விழும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்வதற்கு வேண்டிய துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்வதால் அந்த நொதியின் அளவும் விழும். இம்மூன்றும் ஒன்றாக வந்தால், ஊதாக் குழாயின் இரத்தம் சீரம் குழாய்க்குள் போயிருக்கிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். இரத்தம் எடுத்தவர் ஊதாக் குழாயை முன்னதாக நிரப்பியிருக்கலாம்; அல்லது சீரம் குழாயில் அளவு குறைந்ததால் ஊதாக் குழாயிலிருந்து ஊற்றியிருக்கலாம். நீல மூடி, சீரம் குழாய், பச்சை, ஊதா, சாம்பல் என்ற வரிசையை மனப்பாடமாகச் சொல்வதோடு, அந்த வரிசைக்கான காரணத்தையும் இங்கே இணைத்துச் சொன்னால் உங்கள் பதில் தனித்து நிற்கும்.

"இரத்த அணுக்கள் உடைந்திருந்தால் எப்படித் தெரியும்?" என்று அடுத்துக் கேட்பார்கள். அப்போதும் பொட்டாசியம் ஏறும். ஆனால் சீரம் இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும், எல்.டி.எச். உயரும், கால்சியம் இப்படிச் சரியாது. பிரிக்கப்படாமல் நெடுநேரம் கிடந்த மாதிரியிலும் பொட்டாசியம் ஏறும். அதில் குளுக்கோஸ் இறங்கியிருக்கும்.

கடைசியாகச் செயல். முடிவை வெளியிடாமல் நிறுத்துவேன், குழாயின் ஒட்டுச்சீட்டையும் எடுத்த நேரத்தையும் பார்ப்பேன், இரத்தம் எடுத்த இடத்துக்கு அழைத்துப் புதிய மாதிரி கேட்பேன், யாரிடம் எத்தனை மணிக்குப் பேசினேன் என்பதைப் பதிவேட்டில் எழுதுவேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். இதோடு ஒன்றைச் சேர்க்க மறவாதீர்கள்: உண்மையான 7.8 உயிருக்கு ஆபத்தானது. ஆகவே மாதிரி ஐயத்துக்குரியது என்று நீங்கள் நினைத்தாலும், மருத்துவருக்கு உடனே தெரிவித்து, நோயாளியின் நிலையை அவர் முடிவு செய்யும்படி விட வேண்டும்.

மூன்றாம் படி: ஷிப்ட்

காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை என்பது மருத்துவமனைகளில் பழகிப்போன முறை. சில தனியார் இடங்களில் 12 மணி நேர ஷிப்ட் உண்டு. வேலைவாய்ப்புச் சட்டம் 1955, 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரத்தை வரம்பாக வைத்திருக்கிறது. ஷிப்ட் வேலையில் ஒரு வாரம் அதைத் தாண்டலாம். மூன்று வாரங்களின் சராசரிதான் 45ஐத் தாண்டக் கூடாது. இச்சட்டம் தனியார் துறைக்கானது. அரசாங்க ஊழியர்களுக்கு வேறு விதிகள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 மணி நேர முறையில் முதல் வாரம் 4 ஷிப்ட், இரண்டாம் வாரம் 4, மூன்றாம் வாரம் 3 என்றால், 48, 48, 36 சேர்ந்து 132 மணி, சராசரி 44. இது வரம்புக்குள் இருக்கிறது. ஒருவர் விடுப்பில் போனதால் மூன்றாம் வாரமும் 4 ஷிப்ட் வந்தால் 144 மணி; சராசரி 48. அந்தக் கூடுதல் 9 மணி நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள், பணமாகவா விடுப்பாகவா என்று நேர்முகத் தேர்வின் இறுதியில் பணிவாகக் கேட்கலாம். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு மட்டுமே மிகைநேரப் பணத்துக்கான சட்டப் பாதுகாப்பு இருப்பதால், நியமனக் கடிதத்தில் உள்ள தொகையோடு இந்தக் கேள்வியைப் பொருத்திப் பாருங்கள். உணவு இடைவேளை வேலை நேரத்துக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 12 மணி நேர ஷிப்டில் அது மாதத்துக்குப் பல மணி நேர வித்தியாசத்தைத் தரும்.

இரவு ஷிப்டில் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது சம்பளத்துக்கு அடுத்து முக்கியமான கேள்வி. ஒருவர் மட்டுமே என்றால், இரத்த வங்கிப் பொருத்தச் சோதனையையும் அவசர உயிர்வேதியியலையும் நீங்களே ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கும். புதியவரை எத்தனை வாரப் பயிற்சிக்குப் பிறகு தனியாக இரவில் நிறுத்துவார்கள் என்று கேளுங்கள். புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து தீவுக்கு வருபவர்கள், காலை 7 மணி ஷிப்டுக்குப் பாலத்து நெரிசலையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோலாலம்பூரில் நள்ளிரவுக்குப் பிறகு எல்.ஆர்.டி. ஓடாது என்பதால், இரவு 12 மணியை ஒட்டி முடியும் ஷிப்ட் இருந்தால் வீடு திரும்பும் செலவையும் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.